பதின்மூன்றில் சோதித்த டேங்க், ஏழில் ஓடும் டேங்க்

கம்ப்ரஸர் ஓடுகிற ஆலை எதுவானாலும் அதன் பக்கத்தில் ஓர் ஏர் ரிசீவர் நிற்கும். கம்ப்ரஸர் தள்ளும் காற்றை வாங்கிச் சேர்த்து வைத்து, கேட்கும் இடத்துக்குக் குழாய் வழியாக அனுப்பும் இரும்புக் கலன் அது. தொழிலாளர்கள் ஏர் டேங்க் என்பார்கள். சட்டம் அதை அழுத்தக் கலன் என்று வகைப்படுத்துகிறது. 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் 31-ஆம் பிரிவில் இத்தகைய கலன்களுக்கென்றே ஒரு கடமையை வைத்தது: பாதுகாப்பான வேலை அழுத்தத்தை எந்தக் கலனும் தாண்டாதபடி ஆலை நடவடிக்கை எடுக்க வேண்டும். அதன் கீழ் வந்த விதிகளால்தான் கலனை வெளியே பார்ப்பது, உள்ளே பார்ப்பது, தண்ணீர் நிரப்பி அழுத்தம் ஏற்றிச் சோதிப்பது ஆகிய மூன்றும் முறைவைத்து நடக்கத் தொடங்கின. மூன்றாவதைத்தான் ஆலையில் ஹைட்ரோ டெஸ்ட் என்கிறார்கள்.

சோதனை முடிந்ததும் இரண்டு மூன்று பக்கத்தில் ஒரு பதிவு வரும். அநேகமாக ஆங்கிலத்தில்தான் இருக்கும். பாதுகாப்பு அலுவலர் அதை ஆங்கிலத்திலேயே படித்துவிடுவார். ஆனால் அந்தப் பதவிக்கான தகுதிகளில், அந்தப் பகுதித் தொழிலாளர்களில் பெரும்பாலோர் பேசும் மொழி தெரிந்திருக்க வேண்டும் என்பதும் ஒன்று. காரணம் எளிது. டேங்க் பக்கத்தில் நின்று வால்வைத் திருப்புகிறவர் ஆபரேட்டர். இந்த டேங்க் எத்தனை அழுத்தம் வரை ஓடலாம், எங்கே மெலிந்திருக்கிறது, எப்போது மறுபடி பார்க்க வேண்டும் என்பதெல்லாம் அவர் காதுக்குத் தமிழில் போக வேண்டும். அதற்காகத்தான் பதிவுக்குத் தமிழ்ப் பிரதி எடுக்கிறார்கள். அந்தப் பிரதி எங்கே வழுக்கும் என்பதை ஓர் உதாரண டேங்கை வைத்துப் பார்க்கலாம்.

ஒரே தாளில் ஐந்து அழுத்தங்கள்

நம் உதாரண டேங்க் ஒரு மீட்டர் உள்விட்டமும் மூன்று மீட்டர் உயரமும் கொண்டு, செங்குத்தாக நிற்கிறது. அன்றாடம் 7 பாரில் ஓடுகிறது. சேஃப்டி வால்வு 9 பாரில் திறக்கும். கலனை வடிவமைத்தது 10 பாருக்கு. சோதனை 13 பாரில் நடந்தது. பிறகு 10 பாருக்கு இறக்கி, தையல்களையும் இணைப்புகளையும் பார்வையிட்டார்கள்.

7, 9, 10, 13, மறுபடி ஒரு 10. ஐந்து எண்களுமே பதிவில் 'பிரஷர்' என்ற சொல்லோடுதான் நிற்கும். ஒவ்வொன்றுக்கும் முன்னால் உள்ள அடைமொழிதான் வேறுபாடு. தமிழில் ஐந்தையும் வெறும் 'அழுத்தம்' என்று போட்டுவிட்டால், படிப்பவர் கண் பெரிய எண்ணில்தான் போய் நிற்கும். '13 தாங்கியிருக்கிறதே, 11-ல் ஓட்டினால் என்ன?' என்ற கேள்வி அங்கேதான் பிறக்கிறது.

13 என்பது எங்கிருந்து வந்தது என்று தெரிந்தால் இந்தக் குழப்பம் வராது. அமெரிக்க இயந்திரப் பொறியாளர் சங்கத்தின் அழுத்தக் கலன் விதிநூலைத்தான் நம் ஊரிலும் பல தயாரிப்பாளர்கள் பின்பற்றுகிறார்கள். அதன் எட்டாம் பகுதி, முதல் பிரிவின்படி, ஏர் டேங்க் போலச் சாதாரண வெப்பநிலையில் இயங்கும் கலனை, அனுமதிக்கப்பட்ட உச்ச அழுத்தத்தைப் போல் குறைந்தது 1.3 மடங்கில் சோதிக்க வேண்டும். 10-ஐ 1.3-ஆல் பெருக்கினால் 13. புதுப் பாலத்தின் மேல் மணல் லாரிகளை வரிசையாக நிறுத்திப் பாரம் பார்ப்பார்கள்; அதற்காக அந்தப் பாரத்தைப் பாலத்தின் அறிவிப்புப் பலகையில் எழுதிவைப்பதில்லை. 13-உம் அப்படித்தான். ஒரு நாள், சிறிது நேரம், கட்டுப்பாட்டோடு ஏற்றி இறக்கிய அழுத்தம் அது.

1999-க்கு முந்தைய பதிப்புகளில் இந்த மடங்கு 1.5 ஆக இருந்தது. ஆகவே பழைய டேங்க்கின் பதிவில் 15 என்று இருந்தால் மொழிபெயர்ப்பவர் அதைப் பிழை என்று நினைத்துத் திருத்தக் கூடாது. எந்த ஆண்டின் விதிப்படி செய்த கலன் என்ற கட்டமும் அதே தாளில் இருக்கும். அந்த வரியை விடாமல் தமிழுக்குக் கொண்டுவந்தால் 15-க்கான காரணம் படிப்பவருக்கே விளங்கும்.

வடிவமைப்பு அழுத்தமும் அனுமதிக்கப்பட்ட உச்ச அழுத்தமும் பல பதிவுகளில் ஒரே எண்ணாக இருக்கும். அதனால் இரண்டையும் ஒரே சொல்லால் எழுதிவிடலாம் என்று தோன்றும். எழுதக் கூடாது. முதலாவது, கலன் பிறந்தபோது குறித்தது, அது மாறாது. இரண்டாவது, தகடு தேய்ந்தால் இறங்கலாம். பத்து ஆண்டு கழித்து ஆய்வாளர் 'இனி 8-க்கு மேல் வேண்டாம்' என்று எழுதும்போது, மாற வேண்டிய எண் எது என்பது பிரதியிலேயே தெரிய வேண்டும். ஆகவே ஐந்துக்கும் ஐந்து தனிப் பெயர்: இயக்க அழுத்தம், வால்வு திறக்கும் அழுத்தம், அனுமதிக்கப்பட்ட உச்ச அழுத்தம், சோதனை அழுத்தம், பார்வையிடும்போது இருந்த அழுத்தம். முதல் பக்கத்தில் என்ன பெயரோ கடைசிப் பக்கத்திலும் அதே பெயர். சொல் திரும்பத் திரும்ப வருகிறதே என்று அழகுக்காக மாற்றுவது கட்டுரையில் செல்லும், இந்தத் தாளில் செல்லாது.

கிலோவும் பாரும்

தமிழ்நாட்டு ஆலைகளில் அழுத்தத்தைச் சொல்லும் வழக்கு கிலோதான். 'ஏழு கிலோ பிரஷர் வருது' என்றால் எல்லோருக்கும் புரியும். சதுர சென்டிமீட்டருக்கு ஏழு கிலோகிராம் விசை என்பதன் சுருக்கம் அது. பாரும் கிலோவும் ஏறக்குறைய சமம். ஒரு பார் என்பது 1.02 கிலோ. தினசரிப் பேச்சில் இந்த இரண்டு சதவீதம் யாருக்கும் உறைக்காது.

சோதனைப் பதிவில் உறைக்கும். பதிவு 13 பார் என்கிறது. ஆலைக்காரருக்குப் புரியட்டும் என்று மொழிபெயர்ப்பவர் '13 கிலோ' என்று எழுதிவிடுகிறார். அடுத்த முறை சோதிக்க வரும் குழு பழைய தமிழ்ப் பிரதியைப் பார்த்து 13 கிலோ ஏற்றுகிறது. அது 12.75 பார்தான். 10 பாரோடு ஒப்பிட்டால் 1.275 மடங்கு, வேண்டியது 1.3. சோதனை செல்லாமல் போகிறது. தாளில் மட்டும் எல்லாம் சரியாக இருப்பதுபோல் தெரியும்.

ஆகவே எண்ணும் அலகும் மூலத்தில் உள்ளபடியே இருக்க வேண்டும். கிலோ மதிப்பு வேண்டுமென்றால் பக்கத்தில் தனி நெடுவரிசை போட்டு, '13 பார்; மொழிபெயர்ப்பாளர் கணக்கு: 13.26 கிலோ' என்று எழுதலாம். எது ஆய்வாளர் எழுதியது, எது பின்னால் சேர்ந்தது என்று பிரிந்து தெரியும்.

இதோடு சேர்ந்த இன்னொரு சிறு கட்டம், கேஜ் எங்கே பொருத்தப்பட்டது என்பது. பத்து மீட்டர் உயரத் தண்ணீர் ஏறத்தாழ ஒரு பார் அழுத்தம் தரும். நம் டேங்க் மூன்று மீட்டர். கேஜ் அடியில் இருந்து 13 காட்டினால், உச்சியில் இருப்பது 12.7 மட்டுமே. விதிப்படியான சோதனை அழுத்தம் உச்சியில் இருக்க வேண்டியது. 'கேஜ்: டாப்' என்ற இரண்டு சொல்லை முக்கியமில்லை என்று விட்டுவிட்டால், 13 என்ற எண்ணைச் சரிபார்க்கும் வழியே போய்விடும். கேஜின் அளவெல்லையும் அப்படித்தான். சோதனை அழுத்தத்தைப் போல் ஒன்றரை மடங்குக்குக் குறையாமலும் நான்கு மடங்குக்கு மிகாமலும் இருக்க வேண்டும். சுமார் இரண்டு மடங்கு இருந்தால் நல்லது. 13-க்கு 0–25 கேஜ் பொருந்தும், 0–16 பொருந்தாது. பாதுகாப்பு அலுவலர் நாற்காலியில் இருந்தபடியே கண்டுபிடிக்கக்கூடிய குறை இது.

பிடித்துவைத்தது ஓர் அழுத்தம், பார்த்தது வேறோர் அழுத்தம்

சோதனை நடந்த விதம் பதிவில் நான்கைந்து வரியில் முடிந்துவிடும். நம் உதாரணத்தின் தமிழ்ப் பிரதி இப்படி இருக்கலாம்:

சோதனை ஊடகம்: தண்ணீர். தண்ணீரின் வெப்பநிலை 29 டிகிரி, தகட்டின் வெப்பநிலை 28 டிகிரி.
உச்சித் துளை வழியே காற்று முழுவதும் வெளியேற்றப்பட்டது.
13 பாரில் 30 நிமிடம் பிடித்துவைக்கப்பட்டது. இந்த நேரத்தில் யாரும் அருகே செல்லவில்லை.
அழுத்தம் 10 பாருக்கு இறக்கப்பட்டது. அதன் பிறகு எல்லாத் தையல்களும் இணைப்புகளும் அருகில் சென்று பார்வையிடப்பட்டன.
கசிவு காணப்படவில்லை. கண்ணுக்குத் தெரியும் உருமாற்றம் காணப்படவில்லை.

மூன்றாவது வரியையும் நான்காவது வரியையும் சேர்த்து '13 பாரில் 30 நிமிடம் வைத்துப் பார்வையிடப்பட்டது' என்று ஒரே வாக்கியமாகச் சுருக்குவது மிக எளிது. தமிழும் சரளமாக இருக்கும். ஆனால் அது ஆபத்தான செய்தியைச் சொல்கிறது. முழுச் சோதனை அழுத்தம் இருக்கும்போது டார்ச் விளக்கோடு தையல் அருகே குனிந்து பார்க்கலாம் என்று அடுத்த குழு நினைத்துக்கொள்ளும். சோதனை அழுத்தத்தை 1.3-ஆல் வகுத்து வரும் அளவு வரை இறக்கிவிட்டுப் பார்வையிடலாம் என்று விதிநூல் இடம் கொடுத்திருப்பதே, ஆளை அந்த உச்சத்துக்குப் பக்கத்தில் அனுப்பாமல் இருக்கத்தான். இந்த இரண்டு வரிகள் இரண்டாகவே இருக்க வேண்டும்.

முப்பது நிமிடம் என்பது அந்த விதிநூல் வகுத்த அளவு அன்று. எத்தனை நிமிடம் பிடித்துவைக்க வேண்டும் என்று அந்தப் பிரிவு சொல்வதில்லை. வாங்குபவரோ சோதனை நடைமுறையோ குறித்ததுதான் தாளில் வரும். 'விதிப்படி 30 நிமிடம்' என்று மொழிபெயர்ப்பில் ஒரு சொல் கூடிவிட்டால், இல்லாத விதி ஒன்று ஆலையில் உருவாகிவிடும்.

வெப்பநிலை வரியை அலங்காரம் என்று நினைப்பவர்கள் உண்டு. உருக்குக்குக் குளிரில் நொறுங்கும் குணம் வரும் என்பதால்தான் அது கேட்கப்படுகிறது. 1965 டிசம்பரில் இங்கிலாந்தின் வுல்வர்ஹாம்ப்டன் நகரில், அமோனியா ஆலை ஒன்றுக்காகச் செய்த தடித்த சுவருள்ள கலன் நீர்ச்சோதனையின்போதே பிளந்தது. சுமார் இரண்டு டன் எடையுள்ள துண்டு நாற்பது மீட்டருக்கும் அப்பால் போய் விழுந்தது. பற்றவைத்த தையல் அருகே இருந்த சிறு விரிசல்தான் தொடக்கம். தண்ணீரில் செய்யும் சோதனை காற்றில் செய்வதைவிடப் பலமடங்கு பாதுகாப்பானது என்பது உண்மை. 13 பாரில் தண்ணீர் நூற்றில் பத்தில் ஒரு பங்குகூடச் சுருங்குவதில்லை, அதனால் அதில் சேரும் ஆற்றல் குறைவு. ஆனால் தண்ணீர் என்பதாலேயே ஆபத்து இல்லை என்று சொல்ல முடியாது. கலனுக்குக் குறித்த குறைந்தபட்ச உலோக வெப்பநிலையைவிட 17 டிகிரி செல்சியஸ் அதிகமாகத் தகடு இருக்க வேண்டும் என்று விதிநூல் பரிந்துரைக்கிறது.

நம் ஊரில் குளிரைவிட வெயில்தான் தொல்லை. முழுக்கத் தண்ணீர் நிரம்பி எல்லா வழியும் அடைத்த கலன் வெயிலில் நின்றால், தண்ணீர் விரிய இடமின்றி அழுத்தம் தானாக ஏறும். நிழலில் ஆறினால் கசிவே இல்லாமல் முள் இறங்கும். தண்ணீரும் தகடும் ஏறத்தாழ ஒரே வெப்பநிலைக்கு வந்த பிறகே சோதிக்க வேண்டும் என்பதற்கு இதுவும் ஒரு காரணம். தொடங்கியபோது 13, முடிந்தபோது 12.9 என்று பதிவில் இருந்தால், பக்கத்தில் உள்ள வெப்பநிலையைப் பார்த்துத்தான் அது கசிவா, ஆறியதா என்று அலுவலர் கேட்க முடியும். 12.9-ஐ 'ஏறத்தாழ 13' என்று தமிழில் வழவழப்பாக்கிவிட்டால் அந்தக் கேள்வி எழாது.

'இல்லை' மூன்று வகை

ஆய்வுப் பகுதியில் பல கட்டங்களில் ஒரே சொல்தான் இருக்கும். 'நில்' என்று ஓரிடம், 'என்.ஏ.' என்று ஓரிடம், 'நாட் எக்ஸாமின்டு' என்று ஓரிடம். மூன்றையும் 'இல்லை' என்று எழுதலாம். மூன்றும் வேறு வேறு செய்தி. முதலாவது, பார்த்தோம், குறை காணப்படவில்லை. இரண்டாவது, இந்தக் கலனில் அப்படி ஓர் உறுப்பே கிடையாது, அதனால் பொருந்தாது. மூன்றாவது, உறுப்பு இருக்கிறது, பார்க்கவில்லை. மூன்றாவதுதான் பாதுகாப்பு அலுவலர் கண்ணில் பட வேண்டியது.

நம் டேங்கில் ஆள் நுழையும் வாசல் கிடையாது. கை நுழையும் அளவுக்கு ஒரு துளைதான். ஆகவே 'உட்புறம்: எட்டிய அளவுக்குப் பார்க்கப்பட்டது, குறை காணப்படவில்லை' என்று ஆய்வாளர் எழுதியிருப்பார். தமிழ் வாக்கியம் கச்சிதமாக வரட்டும் என்று 'எட்டிய அளவுக்கு' என்பதை வெட்டினால், பாதி பார்த்தது முழுதும் பார்த்ததாகிவிடுகிறது. ஏர் டேங்கில் காற்றோடு வரும் ஈரம் அடியில் தங்கித்தான் துரு பிடிக்கும். கை எட்டாமல் போவதும் பெரும்பாலும் அந்த இடம்தான்.

அதனால்தான் அடித்தகட்டின் தடிமனை அல்ட்ராசோனிக் கருவியால் வெளியிலிருந்தே அளக்கிறார்கள். நம் டேங்க் 6 மில்லிமீட்டர் தகட்டால் ஆனது. 10 பாரைத் தாங்க அதற்குத் தேவைப்படும் குறைந்தபட்சத் தடிமன், உருக்கின் வலிமையையும் தையலின் தரத்தையும் வைத்துக் கணக்கிட்டால், சுமார் 4.3 மில்லிமீட்டர் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். நான்கு ஆண்டு முன்பு அடியில் 5.6 இருந்தது, இப்போது 5.2. ஆண்டுக்கு 0.1 தேய்கிறது. மிச்சம் 0.9, அதாவது ஒன்பது ஆண்டு ஆயுள். இயங்கும் கலன்களின் ஆய்வுக்கு அமெரிக்கப் பெட்ரோலியக் கழகம் வகுத்த 510-ஆம் நெறிமுறை, மிச்ச ஆயுளில் பாதி அல்லது பத்து ஆண்டு, இவற்றில் எது குறைவோ அதற்குள் அடுத்த உள்ளாய்வு வேண்டும் என்கிறது. அந்தக் கணக்கில் நான்கரை ஆண்டு. நம் விதிகள் அதைவிடக் குறுகிய காலம் கேட்டால் அதுவே செல்லும்.

இங்கே வாங்கியபோது இருந்த தடிமன், இப்போது அளந்த தடிமன், இருந்தே ஆக வேண்டிய தடிமன் என்று மூன்று தடிமன்கள். அழுத்தங்களைப் போலவே இவற்றுக்கும் தனித்தனிப் பெயர் வேண்டும். இந்தப் பகுதியைத் தமிழில் முழுதாகக் கொடுப்பதற்கு வலுவான காரணம் உண்டு. தகடு 4.3-க்குச் சற்றுக் கீழே மெலிந்திருந்தாலும் நீர்ச்சோதனையில் அது கசியாமல் நின்றுவிடக்கூடும். இன்று தாங்கியதா என்பதற்குச் சோதனை பதில் சொல்லும். இன்னும் எத்தனை நாள் தாங்கும் என்பதற்குத் தடிமன் அளவுதான் பதில் சொல்லும். சோதனைப் பக்கத்தை மட்டும் மொழிபெயர்த்துச் சுவரில் ஒட்டினால் ஆபரேட்டருக்குப் பாதிச் செய்திதான் போகிறது.

முடிவு வரியிலும் இதே கவனம் வேண்டும். ஆய்வாளர் எழுதியது, குறிப்பிட்ட நாளில் குறிப்பிட்ட அழுத்தத்தில் கசிவோ கண்ணுக்குத் தெரியும் உருமாற்றமோ காணப்படவில்லை என்பதுதான். 'டேங்க் பாதுகாப்பாக உள்ளது' என்று அவர் எழுதவில்லை. மொழிபெயர்ப்பவரும் எழுத முடியாது.

கையெழுத்துக்கு மேலே உள்ள சொல்

கடைசிப் பக்கத்தில் இரண்டு மூன்று கையெழுத்து இருக்கும். ஒன்றின் மேல் 'விட்னெஸ்டு', மற்றொன்றின் மேல் 'ரிவ்யூடு'. முன்னவர் சோதனை நடக்கும்போது அங்கே நின்று கேஜைப் பார்த்தவர். பின்னவர் தாளைப் பிறகு வாங்கிப் படித்தவர். இரண்டையும் 'சரிபார்த்தார்' என்று எழுதினால், யாரிடம் போய் 'முள் எங்கே நின்றது?' என்று கேட்பது என்பது தெரியாமல் போகும். 'சோதனையை நேரில் பார்த்தவர்', 'பதிவைப் படித்துப் பார்த்தவர்' என்று விரித்து எழுதுவதே சரி. பெயர், பதவி, நாள், தகுதிச் சான்றின் எண் ஆகியவை எழுத்துக்கு எழுத்து மூலத்தில் உள்ளபடி இருக்க வேண்டும்.

கையெழுத்துக்குச் சற்று மேலே, சோதனைக்குப் பின் கலனைப் பழைய நிலைக்குக் கொண்டுவந்ததற்கான பட்டியல் இருக்கும். சோதனையின்போது சேஃப்டி வால்வைக் கழற்றியிருப்பார்கள், அல்லது திறக்காதபடி இறுக்கி வைத்திருப்பார்கள். குழாய் வாய்களில் அடைப்புத் தகடு போட்டிருப்பார்கள். இறுக்கியை எடுக்க மறந்தால் 9 பாரில் திறக்க வேண்டிய வால்வு திறக்கவே திறக்காது. தண்ணீரை வடிக்கும்போது உச்சித் துளையைத் திறந்து வைக்காவிட்டால், உள்ளே வெற்றிடம் உண்டாகி மெல்லிய கலன் உள்நோக்கி நசுங்கலாம். இந்தப் பட்டியலைத் தமிழில் வினைச்சொல்லோடு, செய்தவர் யார் என்று தெரியும்படி எழுத வேண்டும்: 'வால்வின் இறுக்கி அகற்றப்பட்டது, அகற்றியவர் கையொப்பம்.' வெறுமனே 'இறுக்கி: சரி' என்றால், சரியாகப் போட்டிருக்கிறது என்றும் படிக்கலாம்.

தமிழ்ப் பிரதி எத்தனை தெளிவாக இருந்தாலும் மூலத்தின் இடத்தைப் பிடிக்காது. ஆய்வுக்கு வரும் அதிகாரி கேட்பது, தகுதி வாய்ந்த நபர் கையொப்பமிட்ட மூலத்தைத்தான். எனவே பிரதியின் தலைப்பில் மூலப் பதிவின் எண்ணும் நாளும், கலனின் வரிசை எண்ணும், 'ஐயம் வந்தால் மூலமே செல்லும்' என்ற வரியும் வேண்டும். மூலத்தில் ஒரு பிழை இருப்பதாக மொழிபெயர்ப்பவருக்குத் தோன்றினால், உள்ளதை உள்ளபடி எழுதி, அடியில் தனியாகக் குறித்துக் கேட்க வேண்டும்.

பிரதி தேறியதா என்று பார்க்க ஒரு வழி இருக்கிறது. ஆங்கில மூலத்தைப் பார்க்காத ஒரு பாதுகாப்பு அலுவலரிடம் தமிழ்த் தாளை மட்டும் கொடுத்து நான்கு கேள்வி கேட்கலாம். இந்த டேங்க்கை அதிகபட்சம் எத்தனை அழுத்தம் வரை ஓட்டலாம்? சோதனையின்போது ஆள் அருகே போனது எந்த அழுத்தத்தில்? பார்க்காமல் விட்ட இடம் எது? அடுத்த ஆய்வு எப்போது? நம் டேங்குக்கு அவர் சொல்ல வேண்டிய விடைகள்: 10 பார், 10 பார், உட்புறத்தில் கை எட்டாத பகுதி, நான்கரை ஆண்டுக்குள், விதி அதைவிடக் குறைவாகக் கேட்டால் அதற்குள். எங்காவது அவர் 13 என்று சொன்னால், தாளைத் திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டியதுதான்.